‘பேன் ஓடுது’: இரண்டு மொழிக்கும் உரிய சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

கலைவாணி

அனைவருக்கும் வணக்கம். படங்களின் மேல் எழுதப்படும் தமிழ்-ஆங்கில வாசகங்களில் ஒவ்வொரு சொல்லும் எந்த மொழி என்று குறி இடுவதற்கு வழிகாட்டி ஒன்று தயாராகிறது. வாசகம் முழுவதிலும் இரு மொழியும் கலந்திருப்பதை ‘மொழிக்கலப்பு’ என்றும், ஒரு மொழியிலிருந்து அடுத்த மொழிக்கு மாறும் இடத்தை ‘மொழித்தாவல்’ என்றும் எழுதியிருக்கிறோம். ஒரு வகைச் சொல்லுக்கு மட்டும் பெயர் அமையவில்லை.

கூரையில் மின்விசிறி. கீழே ஒருவர் தலையைச் சொறிந்தபடி படுத்திருக்கிறார். படத்தின் மேல் இப்படி இருக்கிறது:

‘தலைக்கு மேல பேன் ஓடுது, தூக்கமே வரல’

இதில் ‘பேன்’ தலையில் ஊரும் பேனா, சுழலும் விசிறியா? எழுதியவர் இரண்டையும்தான் நினைத்து எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லில் மொழி தாவியதா, தாவவில்லையா என்றே சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட சொல்லுக்கு என்ன கலைச்சொல் வைக்கலாம்?

செல்வராசு

வணக்கம் அம்மா. ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவதால் வந்த குழப்பம் இது. ‘மின்விசிறி’ என்று எழுதினால் தீர்ந்தது. அது நீளம் என்றால் ஆய்தம் சேர்த்து ‘ஃபேன்’ என்றாவது எழுதலாம். இல்லாத சிக்கலுக்குக் கலைச்சொல் எதற்கு?

தேன்மொழி

செல்வராசு ஐயா, ஆய்தம் போட்டால் குழப்பத்தோடு சிரிப்பும் போய்விடும். ‘தலைக்கு மேல ஃபேன் ஓடுது, தூக்கமே வரல’ என்று படித்துப் பாருங்கள். விசிறிச் சத்தத்தில் தூங்க முடியாத ஒருவரின் புலம்பல், அவ்வளவுதான். வாசகத்தைத் திருத்துவது நம் வேலை இல்லை. எழுதியிருப்பதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் சொன்ன ஆய்தம் நல்ல சோதனையாகப் பயன்படும். ஐயப்படும் சொல்லை ஒரே மொழிக்கு மட்டும் உரியதாக மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். சிரிப்பு நின்றால் அந்தச் சொல் இரு மொழியிலும் நின்றுதான் வேலை செய்தது. நிற்காவிட்டால் அது சாதாரணக் கடன்சொல்.

இதற்குத் தனிக் குறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டும் பார்க்கலாம். தாஸ், காம்பேக் இருவரும் கொடுத்த கலப்பு அளவைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்:

```
CMI = 100 * (1 - max(w) / (n - u))
```

`n` மொத்தச் சொற்கள். `u` எந்த மொழிக்கும் சேராதவை. `max(w)` மிகுதியாக வரும் மொழியின் சொற்கள். நம் வாசகத்தில் 6 சொற்கள். ‘பேன்’ ஆங்கிலம் என்று குறித்தால் 5 தமிழ், 1 ஆங்கிலம், அளவு 16.7. தமிழ் என்று குறித்தால் 0. முடிவு எடுக்காமல் பொதுவில் தள்ளினால் `u` 1 ஆகி, 5-இல் 5 என்று மறுபடியும் 0. அதாவது தயங்கி ஒதுக்கினாலும் கணக்கில் அது தனித்தமிழ் வாசகம்தான். மொழி மாற்றத்தையே நம்பி நிற்கும் நகைச்சுவை, கலப்பே இல்லாத வரியாகப் பதிவாகிறது.

குறி இடுவோர் கையில் இருக்கும் `ambiguous` இதற்குப் பொருந்தாது. குறி இடுபவரால் முடிவு செய்ய முடியாத சொல்லுக்கு உரியது அது. இங்கே முடிவு தெளிவு: இரண்டும் உண்டு. `mixed` என்பதும் ஆகாது. ‘பஸ்ஸுல’ போல ஒரே சொல்லுக்குள் ஒரு பாதி ஆங்கிலமும் மறு பாதி தமிழுமாக ஒட்டியிருப்பதற்குத்தான் அந்தக் குறி.

முருகேசன்

நான் பார்த்தவரை இவை எல்லாமே தமிழ் எழுத்தின் தன்மையால் வருபவை. நம்மிடம் ப ஒன்றுதான். மூன்று ஆங்கில ஒலிகளை அது தாங்குகிறது. அதனால் ‘பேன்’. ஆங்கிலத்தில் அழைப்புக்கும் பந்துக்கும் உள்ள உயிரொலிக்கு நமக்குத் தனி எழுத்து இல்லை. அதனால் அழைப்பும் ‘கால்’, பந்தும் ‘பால்’. வாயால் சொன்னால் பெரும்பாலும் வேறுபாடு கேட்டுவிடும், தாளில்தான் முழுக்க ஒன்றாகின்றன. ஆகவே ‘எழுத்துச் சிலேடை’ என்று வைத்துவிடலாம்.

தேன்மொழி

பாதிக்குச் சரி, முருகேசன். ‘இது மை பேனா, தொடாதே’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பேனா, தொடாதே. மையூற்றும் பேனா, கறை படும், தொடாதே. இது கண்ணுக்கும் ஒன்று, காதுக்கும் ஒன்று. எழுத்தின் குறை எதுவும் இதில் இல்லை.

ரோமன் எழுத்தில் எழுதுகிறவர்களுக்கு வேறு சொற்கள் கிடைக்கின்றன. `oru pen venum` என்றால் எழுதும் பேனாவும் ஆகும், பெண்ணும் ஆகும். தமிழ் எழுத்தில் ‘பெண்’, ‘பென்’ என்று பிரிந்துபோகும். மறுபக்கம் `fan`, `call` என்று எழுதினால் பேன் வரியும் கால் வரியும் செத்துவிடும். ஒரு தொகுப்பில் எல்லா வாசகங்களையும் ஒரே எழுத்துக்கு மாற்றிவிட்டுக் குறி இடத் தொடங்கினால், இந்த வகை அங்கேயே தொலையும். எழுத்து மாற்றத்துக்கு முன்பே குறி இட வேண்டும் என்று வழிகாட்டியில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நஸ்ரின்

எனக்குக் கலைச்சொல்லைவிட வேறு ஒன்று தெரிய வேண்டும். காது கேளாதோருக்காகக் காணொளிக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். ஒருவர் பதறி ‘கால் போச்சு’ என்கிறார். எதிரில் இருப்பவர் அடிபட்டது என்று நினைத்து ஓடி வருகிறார். முதல் ஆள் அடுத்து ‘சிக்னலே இல்ல’ என்கிறார். ‘கால்’ என்று எழுதவா, ஆங்கில எழுத்தில் எழுதவா?

தேன்மொழி

தமிழ் எழுத்தில் ‘கால்’ என்றே எழுதுங்கள், நஸ்ரின். ஆங்கில எழுத்தில் போட்டால் எதிரில் இருப்பவர் ஏமாறும் முன்பே படிப்பவருக்கு விடை தெரிந்துவிடும். ‘கால் போச்சு’, ‘சிக்னலே இல்ல’ இரண்டையும் ஒரே வரித்துண்டில் சேர்க்காதீர்கள். பொருளை முடிவு செய்யும் சொல் அடுத்த துண்டில் வர வேண்டும். ‘கால் பண்ணு’ என்று ஒருவர் சொன்னால் அங்கே இரட்டைப் பொருளே இல்லை. ‘பண்ணு’ வந்த உடனே அது ஆங்கிலம் என்று முடிவாகிவிடும்.

பொன்னம்பலம்

அன்பர்களுக்கு வணக்கம். ‘பண்ணு வந்தால் முடிவாகிவிடும்’ என்று தேன்மொழி எழுதியதைப் படித்ததும் தொல்காப்பியப் பெயரியல் நினைவுக்கு வந்தது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்களைப் பற்றிச் சொல்லும்போது, அவை இரு திணைக்கும் ‘ஓரன்ன உரிமை’ உடையவை என்றும், ‘வினையோடு அல்லது பால்தெரிபு இலவே’ என்றும் நூற்பா போகிறது. சாத்தன் வந்தான் என்றால் மனிதன், சாத்தன் வந்தது என்றால் எருது. வினை வரும்வரை இரண்டுக்கும் சம உரிமை. இந்தப் பெயர்களுக்கு விரவுப்பெயர் என்று பெயர்.

பேன் வாசகத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ‘தலையில பேன் ஊருது’ என்றால் பூச்சி. ‘தலைக்கு மேல பேன் சுத்துது’ என்றால் விசிறி. ‘ஓடுது’ இரண்டுக்கும் பொருந்தும் வினை. எழுதியவர் வினையைத் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் அதன் திறமை இருக்கிறது. திணைக்குப் பதிலாக மொழியை வைத்தால் அதே இலக்கணம். ஆகவே ‘விரவுச்சொல்’ என்பது என் பரிந்துரை.

‘சிலேடை’ என்பது முழுச் செய்யுளுக்கும் உத்திக்கும் உரிய பெயர். அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நகைச்சுவையை ‘இருமொழிச் சிலேடை’ என்றும், அதைத் தாங்கும் சொல்லை ‘விரவுச்சொல்’ என்றும் பிரிக்கலாம்.

கலைவாணி

ஐயா, நூற்பா மிக நன்றாகப் பொருந்துகிறது. ஒரு தயக்கம் உண்டு. விரவுதல் என்றால் கலத்தல். குறி இடுபவர் ‘விரவுச்சொல்’ என்று படித்ததும் ‘பஸ்ஸுல’ வகையைத்தான் நினைப்பார். `mixed` குறியோடு மோதும். நீங்கள் காட்டிய அதே நூற்பாவின் ‘உரிமை’யை எடுத்து ‘ஈருரிமைச் சொல்’ என்றால்? இரு மொழிக்கும் உரியது என்பது கேட்டவுடன் விளங்கும்.

முருகேசன்

ஈருரிமை நன்று. எழுத்துச் சிலேடையை நான் கைவிடுகிறேன். ஆனால் இன்னொரு வரி இருக்கிறது, அது எந்த வகை?

‘பொண்ணு வீட்டோட பேசிட்டிருந்தோம், கால் கட்டாயிடுச்சு’

அழைப்பு துண்டித்தது என்றும் படிக்கலாம்; கால்கட்டு, அதாவது கல்யாணம், முடிவாகிவிட்டது என்றும் படிக்கலாம்.

பொன்னம்பலம்

அருமையான வரி, முருகேசன். தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாகப் பிரிக்கிறது. பேன் முதல் வகை. பிரிக்காமலே இரு பொருள். இது இரண்டாம் வகை. வேறுவேறாகப் பிரித்தால் வேறுவேறு பொருள். (செம்மொழிச் சிலேடை என்ற பெயரை இன்று அப்படியே எடுத்தால் தொன்மையான மொழி என்று புரிந்துகொள்வார்கள். அதனால் அதைக் குறியின் பெயராக்க வேண்டாம்.)

புணர்ச்சியைப் பாருங்கள். ஆங்கிலக் ‘கட்’டோடு ‘ஆயிடுச்சு’ சேரும்போது, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், கட்டாயிடுச்சு. தமிழ்க் ‘கட்டு’ சேரும்போது, உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும், மறுபடியும் கட்டாயிடுச்சு. நன்னூலின் இரண்டு தனி விதிகள் ஒரே வடிவத்தில் வந்து முடிகின்றன. ‘கால் கட் ஆயிடுச்சு’ என்று இடம் விட்டு எழுதினால் கல்யாணம் நின்றுவிடும்.

தேன்மொழி

அதில்தான் குறி இடுவோருக்குச் சிக்கல். ‘கால்’ ஈருரிமை, அதில் ஐயம் இல்லை. ‘கட்டாயிடுச்சு’ ஒரு வாசிப்பில் முழுத் தமிழ், மற்றொன்றில் ஆங்கிலமும் தமிழும் ஒட்டிய சொல். ஆக, ஒரே சொல்லில் தமிழும் `mixed`-உம் போட்டியிடுகின்றன. இதையும் ஈருரிமை என்றால் வரையறையை விரிக்க வேண்டும். இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே அலகாகக் குறித்தால், சொல்லுக்கு ஒரு குறி என்ற அடிப்படை மாறும்.

செல்வராசு

மின்விசிறி என்று எழுதுவதே என் விருப்பம், அது மாறவில்லை. ஆனால் சோதனைக்குப் பயன்படும் என்றால் மாற்றி எழுதுவதற்கான தமிழ்ச் சொற்பட்டியலை நான் தருகிறேன். பேன், கால், பால், மை, பார், வில் வரை எழுதிவிட்டேன். ‘பாய்’ சேரலாமா? பையன் என்ற ஆங்கிலப் பொருளில் அதைத் தமிழில் யாராவது எழுதுகிறார்களா?

கலைவாணி

‘டெலிவரி பாய்’ என்று எழுதுகிறார்கள், சேருங்கள் ஐயா. வழிகாட்டியில் ‘ஈருரிமைச் சொல்’ என்று இட்டு, பக்கத்தில் ‘விரவுச்சொல்’ என்பதையும் மாற்றாக வைத்திருக்கிறேன். பேன், மை, கால் மூன்றும் எடுத்துக்காட்டு. எழுத்து மாற்றத்துக்கு முன் குறி இடும் விதியும் சேர்ந்துவிட்டது. ‘கட்டாயிடுச்சு’வுக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது. பொன்னம்பலம் ஐயா, பிரிமொழியிலிருந்து அதற்குத் தனிப் பெயர் ஒன்று எடுக்க முடியுமா?