70, 80, 90 சதவீதம்: என் ஒப்பந்தத்தில் "முதல் ஆண்டு" என்று போட்டிருந்தார்கள்

ராணிப்பேட்டை ஃபிட்டர்

ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே நிறைய பேர் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

2017இல் ஐடிஐ ஃபிட்டர் முடித்து ஒரு பம்ப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒரு வருஷ அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அப்போது ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக் கால உதவித்தொகை, முதல் ஆண்டு கூலியில் 70 சதவீதம், இரண்டாம் ஆண்டு 80, மூன்றாம் ஆண்டு 90 என்ற கணக்குதான். மூன்றாவது மாதம் என் அறைத்தோழன் தன் பேங்க் எஸ்எம்எஸ்ஸைக் காட்டினான். அவன் வெல்டர், ஐடிஐயில் ஒரே வருஷம் படித்தவன், வேலை செய்தது வேறு கம்பெனி. அவனுக்கு என்னைவிட எண்ணூறு ரூபாய்க்கு மேல் அதிகம் வந்திருந்தது.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் டைம் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றேன். அங்கே இருந்த மேடம் கோபப்படவே இல்லை. ஃபைலை எடுத்து, என் ஒப்பந்தத்தைப் பிரித்து, பேனா மூடியால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். பயிற்சி ஆண்டு: முதல். "இது உனக்கு முதல் வருஷம்தானே தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த "ஆமாம்"தான் உறுத்துகிறது. ஐடிஐயில் படித்த இரண்டு வருஷமும் கணக்கில் சேரும், நான் நேராக 90இல் இருந்திருக்க வேண்டும் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் சொன்னார். உங்களில் யாராவது இப்படி மாட்டி, பாதியில் சரி செய்து வாங்கியிருக்கிறீர்களா?

ஓசூர் சூப்பர்வைசர்

தம்பி, ஆண்டு மட்டுமல்ல, தொகையே தப்பாக இருந்திருக்கலாம். இந்தச் சதவீதம் ஸ்கில்டு தொழிலாளியின் கூலியில் போடுவது. எங்கள் லைனில் 2018இல் வந்த பையன்களுக்கு அப்படித்தான் போட்டார்கள், நானே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பக்கத்து மெஷினில் நிற்கும் பர்மனென்ட் ஆளின் சம்பளம் என்ன என்று கேள். அதில் 90 சதவீதம் உனக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பையன் என்னிடம் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டி "அண்ணா, இதில் பாதிகூட இல்லையே" என்றபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

ஓசூர் தம்பி சொல்வதை யாரும் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட வேண்டாம். 2014 செப்டம்பரில் திருத்திய விதியில் இருந்தது ஸ்கில்டு அல்ல, செமி ஸ்கில்டு. அதுவும் கம்பெனி உண்மையில் கொடுக்கும் சம்பளம் அல்ல, மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலி. உங்கள் கம்பெனியில் ஸ்கில்டு கணக்கில் போட்டிருந்தால் அது அவர்களாகக் கூட்டிக் கொடுத்தது. பர்மனென்ட் ஆளின் சம்பளத்தோடு ஒப்பிட்டதால்தான் அந்தப் பையனுக்குப் பாதிகூட இல்லை என்று தோன்றியிருக்கிறது.

ஃபிட்டர் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். செமி ஸ்கில்டு குறைந்தபட்சக் கூலி மாதம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 70 சதவீதம், 6,300. இரண்டாம் ஆண்டு 7,200. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் 8,100. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஏற்கெனவே பெற்ற பயிற்சிக் காலத்தை ஸ்டைபண்ட் விகிதத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டு வருஷ ஐடிஐ முடித்த ஃபிட்டர் கம்பெனி கேட்டுக்குள் கால் வைக்கும் நாளே மூன்றாம் ஆண்டு அப்ரண்டிஸ். உங்கள் வெல்டர் நண்பர் இரண்டாம் ஆண்டு. அவருக்கு 80 போட்டது சரி. உங்களுக்கு 70 போட்டதால் இந்தக் கணக்குப்படி மாதம் 1,800 போயிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி சென்னை நகர விலைவாசிக் குறியீட்டை வைத்து ஏப்ரல் 1இல் மாறும். ஜூலையில் சேர்ந்தவனுக்கு ஏப்ரலில் ஸ்டைபண்டும் கொஞ்சம் கூடியிருக்க வேண்டும். சதவீதத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, கூலியை மட்டும் போன வருஷத் தொகையிலேயே விட்டுவிடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் சீட்டையும் மார்ச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் அம்மாவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். கல்வித் தகுதி இருந்த இடத்தில் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் இருந்தது, ஐடிஐ சான்றிதழ் எண்ணே இல்லை. பதிவு செய்தவர் இருப்பதில் பெரிய படிப்பு பிளஸ் டூதான் என்று நினைத்து அதைப் போட்டுவிட்டார். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ஒரு கட்டத்தால் அவன் புதிதாகச் சேர்ந்தவன் ஆகிவிட்டான். நான்காம் மாதம் திருத்தி, விட்டுப்போன மூன்று மாதத் தொகையையும் வாங்கிக் கொடுத்தோம். அந்த அம்மா பணத்தைப் பற்றிப் பேசவில்லை, "அப்போ இவன் படிச்ச ரெண்டு வருஷத்துக்கும் மதிப்பு இருக்கா சார்?" என்று கேட்டார்.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது இது சுலபம்.

டிப்ளமா 2016

என் கதையையும் கேளுங்கள். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து 2016இல் அப்ரண்டிஸ். எனக்கு மாதம் 3,542 ரூபாய், ஒரு வருஷம் முழுக்க அதேதான். ஒரு பைசா ஏறவில்லை. பக்கத்தில் ஐடிஐ மெஷினிஸ்ட் பையன் என்னைவிட இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வாங்கினான். அவனுக்கு வரைபடம் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சம்பள நாளில் கேண்டீனில் அவன் எனக்கும் சேர்த்து டோக்கன் வாங்கினான், கொடுக்க வேண்டாம் என்று தடுக்க என் கையில் சில்லறை இல்லை. எனக்கு எந்த 70, 80, 90? என்னையும் ஏமாற்றிவிட்டார்களா?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

இல்லை தம்பி. டிப்ளமா, பட்டதாரி அப்ரண்டிஸ்களுக்கு அப்போது சதவீதமே கிடையாது. மத்திய அரசு அறிவித்த ஒரே தொகை, டிப்ளமாவுக்கு 3,542, பட்டதாரிக்கு 4,984. உங்களுக்குச் சரியாகத்தான் கொடுத்தார்கள். அது நியாயமா என்றால், நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

மெல்பர்ன் ஃபேப்ரிகேட்டர்

ஓசூர் அண்ணா சொன்னது இந்தியாவுக்குப் பொருந்தாது, ஆனால் ஆஸ்திரேலியாவில் அதேதான் நடைமுறை. இங்கே தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் கூலியில் சதவீதம். உற்பத்தித் துறைக்கான ஊதிய விதி, இங்கே அவார்டு என்பார்கள், அதில் நான்கு கட்டம். பிளஸ் டூ அளவு படித்தவருக்கு 55, அப்புறம் 65, 75, 88. படிக்காதவருக்கு முதல் இரண்டு கட்டமும் 50, 60. மணிக்கு 28 டாலர் என்றால் 15.40இல் தொடங்கி 24.64இல் முடியும்.

என் அனுபவம் சின்னது. இங்கே அடுத்த கட்டத்துக்குப் போக 12 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. திறன் பாடங்களில் கால்வாசி முடிந்தாலே போதும், எது முதலில் வருகிறதோ அது. நான் ஒன்பதாம் மாதமே முடித்துவிட்டேன். கல்லூரி தாளும் கொடுத்துவிட்டது. அந்தத் தாளை ஷெட்டில் கிரீஸ் கையோடு முதலாளியிடம் நீட்டினேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி "இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே" என்றார். தாளை அவர் படிக்கவே இல்லை. அவார்டில் இருக்கும் வரியை அச்செடுத்து மறுபடி போய்க் கொடுத்த பிறகுதான் மாற்றினார்.

ஃபிட்டர் தம்பிக்கும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயம். சேருகிற அன்றே ஒப்பந்தத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாதச் சீட்டையும் அதே இடத்தில் சேர்த்து வையுங்கள். கட்டம் மாற வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்பே வாயால் சொல்லாமல் எழுதிக் கேளுங்கள், மின்னஞ்சலோ கடிதமோ எதுவானாலும். "எனக்கு ஏன் குறைவு" என்று கேட்காதீர்கள், "என் ஒப்பந்தத்தில் எந்த ஆண்டு என்று பதிவாகியிருக்கிறது" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சமாதானம்தான் கிடைக்கும், இரண்டாவதற்கு அவர்கள் ஃபைலைத் திறந்தாக வேண்டும். சம்பளப் பிரிவில் பதில் வரவில்லை என்றால் பயிற்சிப் பொறுப்பாளர், அவரும் தட்டிக் கழித்தால் அரசு அலுவலகம். வரிசையை மாற்றாதீர்கள், நேராக மேலே போனால் உள்ளே இருக்கும் நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அப்புறம், உடன் சேர்ந்த நாலு பேருடைய சீட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்குத் தப்பு என்றால் பெரும்பாலும் அந்தத் தொகுதிக்கே தப்பாகத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்

அண்ணா, நான் ஃபைலைத் திறக்க வைத்தேன். மேடம் திறந்து காட்டினார். அதில் எழுதியிருந்ததே தப்பு. எனக்கு விதி தெரியாமல் இருந்ததுதான் பிரச்சினை.

கோபா 2021

இப்போது சேர்பவர்கள் 70, 80, 90 என்று போய்க் கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் திருத்தத்தில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். படிப்பை வைத்து ஒரு குறைந்தபட்சத் தொகை, இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 15 சதவீதம் கூட்டல். ஐடிஐக்கு அப்போது 7,000. நான் ஒரு வருஷ கோபா, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு என்பதால் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் 7,700 கொடுத்தார்கள். என்னோடு சேர்ந்த ஃபிட்டர் அண்ணாக்களுக்கு 8,050. ஐடிஐ வருஷம் கணக்கில் சேர்வது அதிலேயே தெரிகிறது.

எங்களில் ஒருவர் "7,700க்கு மேல் 15 சதவீதம் கூட்டினால் 8,855 வர வேண்டுமே" என்று ஒரு வாரம் சண்டை போட்டார். பயிற்சி மைய சார் கரும்பலகையில் 7,000 என்று பெரிதாக எழுதி, அதிலிருந்து இரண்டு கோடு கிழித்து 700, 1,050 என்று போட்டுக் காட்டினார். கூட்டல் எப்போதும் அடித்தொகையின் மேல்தானாம். அந்த அண்ணா பதில் பேசாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். பழைய கணக்கில் ஏப்ரல் வந்தால் கூலி ஏறும், கூடவே ஸ்டைபண்டும் ஏறும். புதியதில் அரசு மறுபடி அறிவிக்கும் வரை 7,000 அப்படியே நிற்கும். நான் இருந்த வருஷம் ஏப்ரலில் எங்கள் கேண்டீன் சாப்பாடு விலை ஏறியது, எங்களுக்கு எதுவும் ஏறவில்லை.

ஓசூர் சூப்பர்வைசர்

செமி ஸ்கில்டு என்று சார் சொன்னது சரி, பழைய பதிவேட்டை வைத்திருப்பவரிடம் கேட்டேன். எங்கள் கம்பெனி தானாகத்தான் கூடுதலாகப் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மூன்றாம் ஆண்டுப் பையன் தனியாக மெஷின் ஓட்டுகிறான். அவனுக்கு எதற்குச் செமி ஸ்கில்டு கணக்கு? மெல்பர்ன் தம்பி சொன்ன முறைதான் சரி.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

அவன் தனியாக மெஷின் ஓட்டினால் அது ஸ்டைபண்ட் பிரச்சினையே இல்லை. அப்ரண்டிஸைத் தொழிலாளியாக நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். சட்டப்படி அவன் பயிற்சி பெறுபவன், தொழிலாளி அல்ல. இதை நாம் தனியாகப் பேச வேண்டும்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்

பெட்டியில் தேடி ஒப்பந்த நகலை எடுத்துவிட்டேன். பயிற்றுநர் சார் சொன்னதேதான், என்னுடையதிலும் பிளஸ் டூ மட்டும் இருக்கிறது. ஐடிஐ சான்றிதழை அன்று நான்தான் கையில் கொடுத்தேன், நகல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கிறது.

சார், ஒப்பந்தம் முடிந்து இத்தனை வருஷம் கழித்து எழுதிக் கேட்டால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் வாங்கிக்கொள்வார்களா? அக்கா மகன் ஒருவன் டர்னர் முடித்துவிட்டு அடுத்த வாரம் சேருகிறான். அவனுடைய பதிவை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்குள் எழுதிவிடுங்கள்.