குறைந்து செல் மதிப்பு முறையில் விற்பனை இலாபம் விடையோடு ஒத்துவரவில்லை, உதவி தேவை

பி.காம் முதலாண்டு மாணவி
அசைன்மென்ட் கணக்கு இது. 1-10-2021 அன்று இயந்திரம் 1,90,000 ரூபாய்க்கு வாங்கி, நிறுவ 10,000 செலவு. ஆயுள் 10 ஆண்டு, இறுதி மதிப்பு 20,000. கணக்கு முடிப்பது மார்ச் 31. 30-6-2024 அன்று 1,20,000க்கு விற்பனை, எல்லாம் வங்கி வழியாக. நேர்கோட்டு முறையிலும், 20% குறைந்து செல் மதிப்பு முறையிலும் செய்து குறிப்பேட்டுப் பதிவு தர வேண்டும்.

நேர்கோட்டில் ஆண்டுக்கு 18,000, விற்பனையில் நட்டம் 30,500. விடையோடு சரியாக இருக்கிறது. இரண்டாவது முறையில் எனக்கு இலாபம் 21,504 வருகிறது, விடை 10,560. 1,80,000க்கு 20% போட்டுத்தான் தொடங்கினேன், முதல் ஆண்டுக்கு ஆறு மாதம் மட்டும். ஒரே இயந்திரம் ஒரு முறையில் நட்டம், இன்னொன்றில் இலாபம் என்பதும் குழப்புகிறது.

வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை
மாதக் கணக்கே தேவையில்லைம்மா. 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம், இல்லாவிட்டால் முழுசு. விற்ற ஆண்டுக்கு அந்த இயந்திரத்துக்குத் தனியாகத் தேய்மானம் போடுவதில்லை. நாங்கள் தினமும் இப்படித்தான் செய்கிறோம்.

கணக்கர், சேலம்
தம்பி சொல்வது வருமான வரிக்குச் சரி. அங்கே சொத்துகளைத் தொகுதியாகப் பார்ப்பார்கள். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள், அந்த விதிப்படி முதல் ஆண்டுக்கே முழுத் தேய்மானம் வந்துவிடும். இந்தக் கேள்வி வணிகத்தின் புத்தகக் கணக்கு. வாங்கிய தேதியும் விற்ற தேதியும் கொடுத்திருப்பதே மாதக் கணக்குக்காகத்தான்.

பாப்பா, உன் மாதக் கணக்கில் குறை இல்லை. தொடங்கிய தொகையைப் பார். நேர்கோட்டில் 20,000ஐக் கழித்த பிறகுதான் 10 ஆண்டுக்குப் பங்கிடுகிறோம். குறைந்து செல் முறையில் அதைக் கழிக்கக் கூடாது, விகிதமே அதைக் கவனித்துக்கொள்கிறது. 2,00,000ஐ ஆண்டுக்கு 20% வீதம் பத்து ஆண்டு குறைத்துப் பார், ஏறக்குறைய 21,475இல் நிற்கும். இறுதி மதிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது அல்லவா? முதலிலேயே கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

2,00,000இல் தொடங்கினால் தேய்மானம் முதலில் 20,000, பிறகு 36,000, 28,800, கடைசி மூன்று மாதத்துக்கு 5,760. மிச்சம் 1,09,440. இலாபம் 10,560.

இலாபமா நட்டமா என்ற குழப்பத்துக்கு: வாங்கியது 2,00,000, விற்றது 1,20,000. எந்த முறையானாலும் இலாப நட்டக் கணக்கு மொத்தமாகச் சுமக்க வேண்டியது 80,000தான். நேர்கோட்டில் தேய்மானம் 49,500, அதோடு நட்டம் 30,500. மற்றதில் தேய்மானம் 90,560, அதில் இலாபம் 10,560 போகட்டும். இரண்டும் 80,000. உன் பழைய கணக்கில் 81,504இலிருந்து 21,504 போனால் 60,000தான் வரும். குறைவது சரியாக அந்த 20,000. இலாபமோ நட்டமோ வந்ததும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்காரர்
நான் பழைய மெஷினை விற்று 35,000 கையில் வாங்கினேன், ஆடிட்டர் நட்டம் என்று எழுதியிருக்கிறார். காசு வந்த பிறகு அது எப்படி நட்டம்?

கணக்கர், சேலம்
அண்ணே, புத்தகத்தில் அந்த மெஷின் 35,000க்கு மேல் நின்றிருக்கும். வந்த காசைப் புத்தக மதிப்போடு ஒப்பிட்டுத்தான் இலாப நட்டம்.

மாணவி
நன்றி சார், 10,560 வந்துவிட்டது. விற்ற நாளின் பதிவுகள் இப்படிப் போதுமா?

```
30-6-2024
தேய்மானக் க/கு      ப   5,760
   இயந்திரக் க/கு    வ   5,760
வங்கிக் க/கு        ப   1,20,000
   இயந்திரக் க/கு    வ   1,20,000
இயந்திரக் க/கு      ப   10,560
   இலாப நட்டக் க/கு  வ   10,560
```

கணக்கர், சேலம்
சரியாக இருக்கிறது. தேய்மானத்தை விற்பனைக்கு முன் எழுதியதுதான் முக்கியம், அது விடுபட்டால் இலாபம் 4,800 என்று காட்டும். 5,760ஐ 31-3-2025 அன்று இலாப நட்டக் கணக்குக்கு மாற்றும் பதிவையும் மறக்காதே. நேர்கோட்டில் கடைசிப் பதிவு தலைகீழாகும்: இலாப நட்டக் கணக்கில் 30,500 பற்று, இயந்திரக் கணக்கில் வரவு.

வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை
ஆனால் இப்போதெல்லாம் இயந்திரக் கணக்கை 2,00,000இலேயே வைத்து, குவிந்த தேய்மானத்துக்குத் தனிக் கணக்கு திறப்பதுதான் வழக்கம். விற்கும்போது அந்த 90,560ஐ மொத்தமாக இயந்திரக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

கணக்கர், சேலம்
அதுவும் சரியான வழிதான் தம்பி, இலாபம் அதே 10,560தான் வரும். கேள்வியில் எந்த வழி என்று சொல்லவில்லை. வகுப்பில் இயந்திரக் கணக்கிலேயே வரவு வைத்துப் பழக்கியிருந்தால் நான் அப்படியே எழுதுவேன்.

மாணவி
வகுப்பில் இரண்டையும் நடத்தினார்கள் சார். நாளை மேடத்திடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.