புதுப்பிப்பு: குளியலறைக் கழிவுக் குழாய்க்குச் சரிவு கிடைத்துவிட்டது

என் கேள்வி: "ஷவர் வடிகாலிலிருந்து செங்குத்துக் குழாய் வரை 65 மி.மீ. இறக்கம்தான் இருக்கிறது. 50 மி.மீ. குழாயை 1:40 சரிவில் எப்படிக் கொண்டுபோவது?"

உதவிய எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஒவ்வொரு திருப்பத்திலும் குழாயின் உள் அடிமட்டத்தை வரைபடத்திலேயே எழுதச் சொன்ன யோசனை. செங்குத்துக் குழாயில் தொடங்கிப் பின்னோக்கி எழுதினேன். சுவரோரமாகச் சுற்றிய பழைய பாதை 3.2 மீட்டர், அதற்கு 80 மி.மீ. இறக்கம் வேண்டும். 90 பாகை வளைவை எடுத்துவிட்டு இரண்டு 45 பாகை வளைவுகள் போட்டதும் பாதை 2.4 மீட்டரானது. 60 மி.மீ. போதும்.

1:80 போதும் என்றவர் சொன்னது கழிப்பறையின் 100 மி.மீ. குழாய்க்குப் பொருந்தும். ஷவர் குழாயில் அவ்வளவு குறைந்த சரிவு என்றால் சோப்பும் முடியும் தங்கிவிடும். தண்ணீர் அழுத்தம் பற்றிக் கேட்டவருக்கு: இது கழிவுக் குழாய், தண்ணீர் தன் எடையில்தான் இறங்க வேண்டும்.

எதிர்பாராத ஒன்று. புதுப் பாதைக்காகக் கழிப்பறைப் பீங்கானை 150 மி.மீ. நகர்த்தினேன். பக்கச் சுவரிலிருந்து அதன் நடுக்கோடு இன்னும் 400 மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் விட வேண்டிய 530 மி.மீ. இடத்தைத் தனி லேயரில் செவ்வகமாக வரைந்ததும், கதவின் வீச்சு அதற்குள் வந்து நிற்பது தெரிந்தது. கீலை மறுபக்கம் மாற்றினேன், சரியானது.

காற்றுக் குழாயை எங்கே ஏற்றுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.