புளித்தண்ணீரில் பலாக்கொட்டை வேகுமா?

ரெண்டுவிசில்:
பலாக்கொட்டை, வாழைக்காய், முருங்கைக்காய் மூன்றையும் போட்டுக் குழம்பு வைக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று இங்கே சிலர் புலம்புவதைப் பார்த்து எரிச்சல்தான் வருகிறது. மூன்றையும் நறுக்கி, புளித்தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் ஒன்றாகக் குக்கரில் போட்டு ரெண்டு விசில் விடுங்கள். வேலை முடிந்தது. தனித்தனியாக வேக வைக்கச் சொல்கிறவர்களுக்குப் பாத்திரம் கழுவுவதில் ஆசை போலிருக்கிறது.

வெண்கலப்பானை:
புளித்தண்ணீரில் பலாக்கொட்டையை எப்படி ஐயா வேக வைத்தீர்கள்? காய் மெத்தென்று ஆவதே அதன் உள்ளே ஒட்டுப்பசை போலப் பிடித்துக்கொண்டிருக்கும் பெக்டின் சூட்டில் கரைவதால்தான். புளிப்பு சேர்ந்தால் அது சீக்கிரம் கரையாது. கொட்டை வெளியே வெந்த மாதிரி தெரியும், கடித்தால் நடுவில் மெழுகுபோல இருந்து நறுக்கென்று உடையும். அதையா வெந்தது என்கிறீர்கள்?

ரெண்டுவிசில்:
எங்கள் வீட்டில் வேகிறது. வாழைக்காயும் உடையாமல் முழுசாக வருகிறது.

வெண்கலப்பானை:
வாழைக்காய் உடையாமல் வருவதே அந்தப் புளியால்தான்! அதே புளி கொட்டையை மட்டும் விட்டுவிடுமா? ஒரு காய்க்குக் காவல் நிற்பது இன்னொன்றுக்குத் தடையாக நிற்கிறது. முழுசாக வருகிறது என்று நீங்கள் சொல்வதே எனக்குச் சாட்சி.

இயற்பியல்வாத்தியார்:
புளியை விடுங்கள், முக்கியம் தடிமன். சூடு துண்டின் நடுவுக்குப் போய்ச் சேர ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரு செ.மீ. துண்டுக்கு ஆகும் நேரத்தைப் போல நான்கு மடங்கு இரண்டு செ.மீ. துண்டுக்கு ஆகும். எல்லாவற்றையும் ஒரே தடிமனில் நறுக்கினால் எல்லாம் ஒன்றாக வேகும். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

வெண்கலப்பானை:
வாத்தியாரே, சூடு நடுவுக்குப் போவதைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு காய் மெத்தென்று ஆகத் தனியாக ஒரு நேரம் வேண்டும், அது தடிமனைப் பார்த்து மாறாது. அதனால்தான் ஒரு செ.மீ. வாழைக்காய் ஐந்தாறு நிமிடத்தில் வெந்தால் இரண்டு செ.மீ. துண்டு பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. நான்கு மடங்கு என்று நம்பி அடுப்பில் விட்டால் கூழைத்தான் கரண்டியில் அள்ள வேண்டும். அப்புறம், ஒரே தடிமனில் நறுக்கினாலும் கொட்டையும் வாழைக்காயும் ஒன்றாக வேகாது. கொட்டை இறுக்கமானது. வாழைக்காய் இளகிய சதை.

இயற்பியல்வாத்தியார்:
நான் சொன்னது விதி. உங்கள் அடுப்பு விதியை மாற்றாது.

புதுக்குடித்தனம்:
எனக்கு வேறு பிரச்சினை. நான் வெறும் தண்ணீரில்தான் வேக வைக்கிறேன், புளியே போடவில்லை. ஆனாலும் கொட்டை வேகவே இல்லை. எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. இதுவும் காரணமாக இருக்குமா?

வெண்கலப்பானை:
இருக்கும் அம்மா. அந்த வெள்ளைப் படிவில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதுவும் பெக்டினை இறுக்கிப் பிடிக்கும். பருப்பும் வேகத் தாமதமாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கொட்டைக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இன்னொன்று, கொட்டை எவ்வளவு பழையது? மண்ணில் போட்டு வைத்துக் காய்ந்த கொட்டை என்றால் இரவு முழுக்க ஊற வைக்காமல் அடுப்பில் ஏற்றக்கூடாது.

இயற்பியல்வாத்தியார்:
ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும்.

வெண்கலப்பானை:
சோடாவா! கொட்டையின் மேல்புறம் மாவாகக் கரைந்து தண்ணீர் பசைபோல ஆகும், நடு அப்படியே இருக்கும். அதே தண்ணீரில் முருங்கைக்காயைப் போட்டால் தோல் வழவழவென்று கையோடு வரும், சோப்பு வாடை வேறு. புதிதாகச் சமைக்கிற பெண்ணுக்கு இதையா சொல்லிக்கொடுப்பது?

ரெண்டுவிசில்:
குக்கரில் வைத்திருந்தால் இந்த ஆழ்துளைக் கிணற்றுக் கதையே வராது. இரண்டு விசில்.

வெண்கலப்பானை:
எந்த இரண்டு விசில்? சின்னக் குக்கரில் அரைப்பங்கு தண்ணீர் வைத்தால் விசில் சீக்கிரம் வரும், பெரிய குக்கரை நிரப்பி வைத்தால் முதல் விசிலுக்கே காத்திருக்க வேண்டும். தீயைக் கூட்டினால் ஒரு கணக்கு, குறைத்தால் வேறு கணக்கு. விசில் நேரத்தைச் சொல்வதில்லை, ஆவி கூடுதலாகிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே 120 டிகிரி வரை சூடு ஏறும். அந்தச் சூட்டில் முருங்கைக்காய்க்கு ஒரு நிமிடம் கூடினாலும் சதை குழம்பில் கலந்து, நார் மட்டும் குச்சிகுச்சியாக மிதக்கும். உங்கள் குழம்பில் முருங்கைக்காய் எப்படி வருகிறது? வாழைக்காயைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களே.

ரெண்டுவிசில்:
முருங்கைக்காய் கொஞ்சம் பிரியும். குழம்புக்கு அதுதான் ருசி.

வெண்கலப்பானை:
அதைத்தான் குழைந்தது என்று நாங்கள் சொல்கிறோம்.

நிலாவின்அம்மா:
என் மகளுக்கு ஒன்றரை வயது. பலாக்கொட்டை கொடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன். எத்தனை விசில் விட்டால் குழந்தைக்கு ஆகும்?

வெண்கலப்பானை:
துண்டாகக் கொடுக்காதீர்கள் அம்மா, தொண்டையில் அடைக்கும். நன்றாக வேக வைத்துத் தோலை எடுத்துவிட்டு மாவாக மசித்துச் சோற்றோடு பிசைந்து கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தைக்குக் குழைவதுதான் நல்லது. இங்கே நாங்கள் பேசுவது குழையாமல் எடுப்பதைப் பற்றி.

சரி, ரெண்டுவிசில் ஐயா கேட்காவிட்டாலும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பன்னிரண்டு கொட்டை, ஒரு வாழைக்காய், ஒரு முருங்கைக்காய் என்று வைத்துக்கொள்வோம். கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, நீளவாக்கில் இரண்டாக நறுக்கி, மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கும் அளவு வெறும் தண்ணீரில் போட்டு மூடி, மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். புதுக் கொட்டை பாதி வெட்டில் பதினைந்து நிமிடம் போல ஆகும், முழுசாகப் போட்டால் இருபத்தைந்து வரை இழுக்கும். ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்துங்கள். மாவாக நொறுங்கினால் வெந்தது, இரண்டாகப் பிளந்து உள்ளே பளபளப்பாக இருந்தால் வேகவில்லை. கொட்டை முக்கால்வாசி வெந்ததும் உப்பும் விரல் நீள முருங்கைத் துண்டுகளும் போகட்டும். நான்கு நிமிடம் கழித்து, இரண்டு செ.மீ. தடிமனில் நறுக்கிய வாழைக்காய். இன்னும் ஐந்து நிமிடம் போனதும் வாழைக்காயைக் கத்தி முனையால் குத்துங்கள். ஓரம் சுலபமாக இறங்கி நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் புளிக்கரைசல். அதற்குப் பிறகு ஆறேழு நிமிடம் கொதித்தாலும் எதுவும் உடையாது, ஏனென்றால் எல்லாமே வேண்டிய அளவு இளகிய இடத்தில் புளி பிடித்து நிறுத்துகிறது. தீ குறைவாகவே இருக்கட்டும், தளதளவென்று கொதித்தால் துண்டுகள் ஒன்றோடு ஒன்று மோதி மூலை உதிரும்.

முருங்கைக்காய் பளிச்சென்ற பச்சையிலிருந்து மங்கிய பச்சைக்கு மாறி, வரம்பை அழுத்தினால் விட்டுக்கொடுக்க வேண்டும். தானாகவே வாயைத் திறந்துகொண்டால் நேரம் தாண்டிவிட்டது. முற்றின காய்க்கு இன்னும் மூன்று நிமிடம் முன்னதாகப் போட வேண்டும்.

சுரண்டல்ராணி:
வெள்ளைத் தோலோடு நிறுத்திவிட்டீர்களே. உள்ளே இருக்கும் பழுப்புத் தோலை யார் எடுப்பது? அது இருக்கும்வரை தண்ணீர் உள்ளே இறங்காது. எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் அந்தப் பழுப்புத் தோல்தான்.

வெண்கலப்பானை:
பாதியாக நறுக்கிய கொட்டையில் வெட்டுப்பக்கம் திறந்துதானே கிடக்கிறது, தண்ணீர் அந்த வழியாகப் போகும். பழுப்புத் தோலைச் சுரண்டுவது வெறும் அழகுக்கு.

சுரண்டல்ராணி:
அழகுக்கா? துவர்ப்பு யார் தலையில்? போன முறை அரிசி ஊற வைக்கும் விவாதத்திலும் இப்படித்தான் என்னை வாயடைக்கப் பார்த்தீர்கள். நான் மறக்கவில்லை.

வெண்கலப்பானை:
அரிசி விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி. இப்போதும் சரி.

ரெண்டுவிசில்:
பார்த்தீர்களா, இவர்களுக்குக் கொட்டை வேகிறதா என்பது முக்கியமே இல்லை, தாங்கள் சொன்னது நிற்க வேண்டும். என் குழம்பில் புளி முதலிலேயே போகிறது, கொட்டை வேகிறது. முடிந்தது.

புதுக்குடித்தனம்:
குடிதண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கொட்டை இந்த முறை நொறுங்கியது. ஆனால் வாழைக்காய் அடுப்பை அணைக்கும்போது சரியாக இருந்து, சாப்பிட உட்காரும்போது குழைந்துவிட்டது. அது ஏன்?

வெண்கலப்பானை:
அணைத்த பிறகும் சூடான குழம்பில் கிடந்து வெந்துகொண்டே இருக்கிறது அம்மா. கனமான பாத்திரமாக இருந்து மூடியும் வைத்திருந்தால் இன்னும் அதிகம். நடுவில் தடுப்பு இருக்கும்போதே அணைத்துவிடுங்கள், மூடியை எடுத்து வையுங்கள். உடனே பரிமாறாவிட்டால் அகலமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பழுக்கத் தொடங்கிய காயாக இருந்தாலும் இப்படி ஆகும். தோல் மஞ்சளாகத் தெரிந்தால் குழம்புக்கு வேண்டாம்.

இயற்பியல்வாத்தியார்:
நான் சொன்ன தடிமன் விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது. துண்டைப் பெரிதாக நறுக்கியிருந்தால் குழைந்திருக்காது.

வெண்கலப்பானை:
பெரிதாக நறுக்கினால் வெளியே குழைந்து உள்ளே வேகாமல் கிடக்கும். நீங்கள் ஒரு முறையாவது அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வந்து பேசுங்கள்.

ரெண்டுவிசில் ஐயாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே பலாப்பழத்துக் கொட்டைகளை ஒரே அளவில் நறுக்கி, பாதியைப் புளித்தண்ணீரிலும் பாதியை வெறும் தண்ணீரிலும், இரண்டு சின்னப் பாத்திரத்தில், குக்கர் இல்லாமல் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நிமிடத்தைக் கடிகாரத்தில் பாருங்கள், விசிலில் அல்ல. பிறகு இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

ரெண்டுவிசில்:
குக்கர் இல்லாமல் நான் எதற்கு வேக வைக்க வேண்டும்? நான் சொன்னது குக்கரைப் பற்றி. 120 டிகிரியில் புளி என்ன செய்யும் என்று நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வெண்கலப்பானை:
அங்கேயும் தாமதப்படுத்தும். சூடு அதிகம் என்பதால் கொட்டை எப்படியோ வெந்து தொலைக்கிறது, அந்த நேரத்துக்குள் முருங்கைக்காய் நாராகிவிடுகிறது. நீங்களே பிரியும் என்று சொன்னீர்கள்.

ரெண்டுவிசில்:
ஆக, கொட்டை வேகிறது என்று ஒத்துக்கொண்டீர்கள்.

வெண்கலப்பானை:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டைக்காக முருங்கைக்காயைப் பலி கொடுக்கிறீர்கள் என்றுதான் சொன்னேன்.

சுரண்டல்ராணி:
பழுப்புத் தோலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.