கால் பங்கு சைன் டேபிள்: உச்சியில் விழுந்த பள்ளம்

பீன்யாக்காரன்
பெங்களூரு பீன்யாவில் இன்வெர்ட்டர் போர்டு செய்யும் ஒரு சின்ன இடத்தில் வேலை பார்த்தபோது நடந்தது. அட்மெகா8 சிப், சைன் அலையின் ஒரு சுற்றுக்கு 256 படி, டேபிளில் முதல் கால் பங்குக்கான 64 எண்கள் மட்டும். இரண்டாவது கால் பங்குக்கு அதையே `64 - i` என்று திருப்பிப் படித்தேன், i என்பது அந்தக் கால் பங்குக்குள் எத்தனையாவது படி என்பது. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் பேட்டரி இறங்கினால் திரையில் `BATT LOW` காட்டச் சொன்னார்கள். சேர்த்தேன். அன்று சாயங்காலம் ஸ்கோப்பில் பார்த்தால், அலையின் மேல் உச்சியிலும் கீழ் உச்சியிலும் கத்தியால் வெட்டியது போல் ஒரு பள்ளம். எஸ்.பி. ரோட்டுக்கு ஓடிப்போய் கெபாசிட்டர் வாங்கி மாற்றினேன், பள்ளம் அப்படியே இருந்தது. ராத்திரி சீரியலில் எண்களை அனுப்பிப் பார்த்தேன்: 127, 66, 127.

66 என்றால் 'B'! சரியாக 90 டிகிரியில் i பூஜ்யம், அப்போது படிப்பது 64ஆம் இடம். டேபிளோ 63இல் முடிகிறது. பக்கத்திலிருந்த எழுத்தைப் படித்திருக்கிறது. பழைய ஃபர்ம்வேரில் அதே இடத்தில் இருந்த பைட் 124. அதனால்தான் எட்டு மாதம் கண்ணில் படவில்லை. அந்த 124 இன்னும் உறுத்துகிறது.

ஒயிட்ஃபீல்ட் தம்பி
அண்ணா, `63 - i` போட்டால் முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், ஸ்கோப்பில் அலை சுத்தமாக இருக்கிறது.

மல்லேஸ்வரம் அக்கா
தம்பி, உச்சியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். அங்கே பக்கத்துப் பக்கத்து எண்கள் எல்லாம் 127தான், பிழை தெரியாது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 6, 3, 0, -3 என்று இறங்க வேண்டியது உங்களுக்கு 3, 0, 0, -3 என்று வரும். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அந்தத் தட்டை இருக்கும், ஒற்றைப்படை ஹார்மோனிக் கூடும்.

`63 - i` சரியாக வர, டேபிளையே அரைப் படி தள்ளிக் கணக்கிட வேண்டும்:

```
q[i] = round(127 * sin((i + 0.5) * PI / 128))
```

இப்போது முதல் எண் 2, கடைசி எண் 127. பூஜ்யமே டேபிளில் கிடையாது. கடக்கும் இடத்தில் 5, 2, -2, -5 என்று வரும். அலை முழுவதும் 0.7 டிகிரி நகரும், ஒற்றை ஃபேஸில் அதனால் ஒன்றும் ஆகாது. இல்லையென்றால் 65 எண் வைத்து பழைய `64 - i`யையே விட்டுவிடலாம். ஒரு பைட்தானே.

பொம்மசந்திரா மோட்டார்
என் கதை வேறு. மூன்று ஃபேஸ் மோட்டார், 120 டிகிரிக்கு 85 கூட்டினேன். 256ஐ மூன்றால் வகுத்தால் 85.33, மூன்று ஃபேஸும் சமமாக விலகவில்லை. அரைப் படி தள்ளினால் இது சரியாகுமா?

மல்லேஸ்வரம் அக்கா
ஆகாது, மூன்றும் சேர்ந்தே நகரும். ஃபேஸ் எண்ணை 16 பிட்டில் வைத்து 21845 கூட்டுங்கள், மேல் 8 பிட்டை மட்டும் டேபிளுக்குக் கொடுங்கள்.

பொம்மசந்திரா மோட்டார்
கடைசியில் படிப்பது அதே 256 படிதானே அக்கா? ஏதாவது ஒரு கணத்தை மட்டும் பார்த்தால் விலகல் அப்படியேதான் இருக்கும். சராசரியில் சரியாகும் என்கிறீர்களா? மெதுவாகச் சுற்றும்போதுதான் எனக்கு அதிர்வு வருகிறது.

பீன்யாக்காரன்
அக்கா, பழைய போர்டுகளில் அந்த 124 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த சர்வீஸில் டேபிளை 65 எண் ஆக்கிவிடுகிறேன்.