ஏஐ வரைந்த அன்னப்பட்சி பார்டர் எங்கள் தறியில் ஏறுமா?

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்களுக்குக் கைத்தறி இருக்கிறது. பார்டருக்கு 240 ஊக்கு ஜக்கார்டு. ஊடையில் தரை நூல் போக ஒரு ஜரிகை, ஒரு மீனா, அவ்வளவுதான் ஓட்ட முடியும்.

ஏஐயில் ஓர் அன்னப்பட்சி வரைய வைத்தேன். கழுத்து வளைவு அத்தனை அழகு! ஆனால் நிழல் நிழலாக நூற்றுக்கணக்கான நிறங்கள். அகலத்தை 240 கட்டமாகவும், 3 அங்குல உயரத்துக்கு அங்குலத்துக்கு 64 ஊடை என்று 192 வரியாகவும் சுருக்கினேன். தரையோடு சேர்த்து நான்கே நிறமாகக் குறைத்தேன். ஓரத்தில் சிதறிய ஒற்றைப் புள்ளிகளைக் கையால் அழித்தேன்.

இப்போது வரி வரியாகப் பார்க்கிறேன். மொத்த நிறத்தைவிட ஒரே வரியில் எத்தனை வருகிறது என்பதுதானே முக்கியம்? கால் சிவப்பு, இறக்கை பச்சை. வேறு வேறு வரி என்பதால் நாடாவை மாற்றிக்கொள்ளலாம். அலகு சிவப்பும் இறக்கை நுனிப் பச்சையும் மட்டும் சில வரிகளில் மோதுகின்றன. அங்கே இரண்டாவது மீனா கொடுத்தால் அட்டையும் கூடும், பின்பக்கம் நூலும் நீளமாகத் தொங்கும்.

அலகை ஜரிகைக்கு மாற்றலாமா, இறக்கை நுனியைக் கீழே இறக்கலாமா? அட்டை அடிக்கக் கொடுக்கும் முன், டிசைன் போடும் அண்ணன்மார் யாராவது கட்டத்தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். படம் அனுப்புகிறேன்.