அட்மின் போட்ட அறிவிப்பு: ஏ.பி.கே. அனுப்பியவரைக் கேட்காமல் நீக்கலாமா?

கூடல்நகர்க்காரன்:
எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் போட்ட அறிவிப்பு இது:

"பங்குச்சந்தை, கிரிப்டோ, பணம் இரட்டிப்பு என்று எந்த முதலீட்டுத் தகவலும் குழுவில் போட வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத லிங்க்கைப் பகிர வேண்டாம். .apk என்று முடியும் கோப்பு யார் எண்ணிலிருந்து வந்தாலும் உடனே அழிப்போம். அந்த எண்ணைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு போனில் பேசுவோம். பெரியவர், தெரிந்தவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை."

முதல் இரண்டும் சரி. கடைசி விதிதான் எனக்கு ஒப்பவில்லை. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் தெருப் பெரியவர் எண்ணிலிருந்து `RTO E-Challan.apk` என்று ஒன்று வந்தது. அட்மின் அதை அழித்து, அவரையும் தூக்கிவிட்டார். ஊரில் மரியாதையாக வாழ்ந்த மனிதர், எழுபது வயது. முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

புதூர் சர்வீஸ் கடை:
அண்ணே, யாரிடம் கேட்பது? அந்த நேரத்தில் அந்த வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது பெரியவராக இருக்காது.

இப்படிக் கெட்டுப்போன போன்கள் எங்கள் கடைக்கு வருகின்றன. நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். apk என்பது போனில் செயலியை நிறுவும் கோப்பு. வண்டிக்கு அபராதம் என்று பயந்து அதைத் தொடுகிறார்கள். இதை நிறுவ அனுமதி இல்லை என்று போன் முதலில் தடுக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதியைத் திறந்து விடுகிறார்கள். கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் எச்சரித்தாலும் தாண்டிப் போகிறார்கள். செயலி உள்ளே வந்ததும் எஸ்.எம்.எஸ். படிக்கவும் அனுப்பவும் அனுமதி கேட்கும். கொடுத்த பிறகு ஐகானே காணாமல் போய்விடும். சரி, வேலை செய்யவில்லை போல என்று போனை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

அதன்பின் அந்த எண்ணுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் திருடனுக்கும் போகும். அவன் பெரியவர் எண்ணை வைத்துத் தன் போனில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்கிறான். ஆறு இலக்க எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறது, அதை அவனே படித்துக்கொள்கிறான். பெரியவர் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். அவர் தூங்கும்போது, அவர் இருக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் அதே கோப்பு போகிறது. கோப்பை மட்டும் அழித்துவிட்டு எண்ணைக் குழுவிலேயே வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அடுத்தது வரும். அதனால் நீக்கியது சரி என்றுதான் சொல்வேன்.

திருநகர் டீச்சர்:
தம்பி சொல்வது சரி. இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கோப்பு தானாக டவுன்லோட் ஆனாலே போன் போய்விடும். அட்மின் அழிப்பதற்குள் முந்நூறு பேர் போனிலும் இறங்கியிருக்கும். எல்லோரும் போனை ரீசெட் செய்ய வேண்டும் என்று அறிவிப்பில் சேர்க்க வேண்டும்.

புதூர் சர்வீஸ் கடை:
டீச்சர், வைஃபையில் இருப்பவர்களுக்குக் கோப்பு தானாக இறங்கியிருக்கலாம், அது உண்மை. ஆனால் இறங்கிக் கிடப்பதால் மட்டும் அது ஓடாது. தொட்டு, நிறுவி, அனுமதி கொடுத்தால்தான் ஆபத்து. நிறுவாதவர்கள் கோப்பை அழித்தால் போதும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'Storage and data' என்ற இடத்தில் தானாக இறங்குவதை, முக்கியமாக டாக்குமெண்டுக்கு, நிறுத்தி வைக்கலாம். எல்லோரையும் ரீசெட் செய்யச் சொன்னால் ஒருவரும் செய்ய மாட்டார்கள். நிஜமாகவே செய்ய வேண்டியவரும் அந்தக் கூட்டத்தில் சும்மா இருந்துவிடுவார்.

செல்லூர் தறி:
எனக்கு இது புரியவில்லை. என் மச்சான் மகன் கடைக்கு பில் போடும் செயலி செய்கிறான். பிளே ஸ்டோரில் போடவில்லை, apk ஆகத்தான் அனுப்புவான். எங்கள் தறிக்காரர் குழுவில் பாதிப் பேர் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அவனும் திருடனா? அப்புறம், என் பெண் கல்யாணப் பத்திரிகையை பி.டி.எஃப். ஆக அனுப்பினால் அதையும் அழிப்பார்களா?

ஆனையூர் அக்கா:
பத்திரிகை பி.டி.எஃப். ஆகவோ படமாகவோ வந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை அண்ணே. கல்யாண அழைப்பு என்று பெயர் வைத்து apk வருவதுதான் பிரச்சினை. பெயரைப் பார்க்காதீர்கள், கடைசியில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள்.

புதூர் சர்வீஸ் கடை:
உங்கள் மச்சான் மகன் விஷயம் நியாயமான கேள்வி. எல்லா apk கோப்பும் திருட்டு இல்லைதான். ஆனால் நல்லதையும் கெட்டதையும் குழுவில் வைத்துப் பிரிக்க அட்மினால் முடியாது, என்னாலும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தம்பி தன் வாடிக்கையாளரிடம் நேரில் வந்து போட்டுக் கொடுக்கட்டும். பிளே ஸ்டோரில் சோதனைக்கென்று குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் கொடுக்கும் வழியும் இருக்கிறது. பில் போடும் செயலி எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டால் மட்டும் ஏன் என்று அவனைக் கேளுங்கள்.

செல்லூர் தறி:
நேரில் போய்ப் போடு என்றால் பரமக்குடியில் இருக்கும் ஆட்களுக்கு என்ன செய்வது? சிறு தொழில் செய்கிறவனுக்கு இந்த விதி கஷ்டம்தான். அதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவனியாபுரம் மாமா:
எனக்கு முதல் விதியில்தான் வருத்தம். முப்பது வருடமாகப் பங்கு வாங்குகிறேன். நல்ல பங்கு ஒன்றைச் சொன்னால் நாலு பேர் நன்றாக இருப்பார்கள் என்றுதான் போடுவேன். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. என்னையும் அந்த மோசடிக் கும்பலையும் ஒரே தட்டில் வைத்தால் எப்படி?

ஒத்தக்கடை குமாஸ்தா:
மாமா, உங்களை யாரும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும். முதலீட்டு ஆலோசகர் என்றால் பதிவெண் INA என்றும், ஆராய்ச்சி ஆய்வாளர் என்றால் INH என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரைப் போட்டே சரிபார்க்கலாம். மோசடிக்காரர்கள் இந்த எண்ணையும் திருடிப் போடுகிறார்கள், அது வேறு.

உங்கள் பதிவால் வரும் ஆபத்து வேறு மாதிரி. குழுவில் பங்கு பற்றிப் பேச்சு நடந்தால், யாருக்கு அதில் ஆசை என்று வெளியாள் ஒருவனுக்குத் தெரிந்துவிடும். அவன் அந்த நாலு பேரைத் தனியாக இன்னொரு குழுவில் சேர்ப்பான். அங்கே தினமும் லாபம் வந்ததாகப் படம் போடுவார்கள். பிறகு ஒரு செயலியை லிங்க்காகவோ apk ஆகவோ கொடுப்பார்கள். அதில் உங்கள் பணம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள். வரிப் பணத்தைத் தனியாக அனுப்பச் சொல்லும் இடத்திலேயே அது மோசடி என்று தெரிந்துகொள்ளலாம். இந்த மூன்று விதியும் ஒரே வழியை அடைக்கத்தான்.

இன்னொன்று, அட்மின் மேல் கேஸ் வரும் என்றுதான் இந்த விதி போட்டார் என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கரூர் வழக்கறிஞர்கள் வாட்ஸ்அப் குழு வழக்கில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2021 டிசம்பரில், வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அவனியாபுரம் மாமா:
நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பேசவே கூடாது என்றால், விவரம் தெரியாத ஆள் எந்த மோசடியையும் எங்களிடம் கேட்டுப் பார்க்க மாட்டான். அமைதியாகப் போய் மாட்டிக்கொள்வான். அதையும் யோசியுங்கள்.

கூடல்நகர்க்காரன்:
இன்று காலை பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். புதூர் தம்பி சொன்னதுதான் நடந்திருக்கிறது. சாயங்காலம் அவருக்குத் தெரிந்த ஒருவர் எண்ணிலிருந்து அந்தக் கோப்பு வந்திருக்கிறது. நிறுவியதும் அபராதம் பார்க்க ஒரு ரூபாய் கட்டு என்று ஒரு பக்கம் வந்ததாம். அதில் டெபிட் கார்டு எண், காலாவதி மாதம், பின் எல்லாம் போட்டிருக்கிறார். அன்று ராத்திரியே இரண்டு தடவையாக 38,000 ரூபாய் போய்விட்டது. அவர் வண்டிக்கு அபராதம் எதுவும் இல்லை. மகன் வெளியூரில். பயத்தில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. போன் இன்னும் ஆன் செய்துதான் இருக்கிறது.

புதூர் சர்வீஸ் கடை:
அண்ணே, இப்பொழுதே செய்யுங்கள். அந்த போனில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்தி, சிம்மைக் கழற்றி, வீட்டில் ஒரு பட்டன் போன் இருந்தால் அதில் போடுங்கள். அதன்பின் வரும் ஓ.டி.பி. அந்தச் செயலிக்குப் போகாது. உங்கள் போனிலிருந்து வங்கிக்குப் பேசி கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். பாஸ்புக்கிலோ ஸ்டேட்மெண்டிலோ அந்த இரண்டு பரிமாற்றத்தின் எண், நேரம், தொகை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிறகு cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

வாட்ஸ்அப்பை நல்ல ஸ்மார்ட்போன் ஒன்றில் அவர் எண்ணைப் போட்டுத் திரும்பப் பதிவு செய்யுங்கள். ஆறு இலக்க எண்ணைப் போட்டதும் திருடன் வெளியே போய்விடுவான். இரண்டாவதாக ஒரு பின் கேட்டால் அது அவன் வைத்தது. அப்படியானால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அதற்குள்ளும் அவனால் உள்ளே இருக்க முடியாது.

ஒத்தக்கடை குமாஸ்தா:
ஒரு விஷயம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்துவிட்டால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் அவர் தலையில்தான். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண் வாங்கும் நேரத்தை எழுதி வையுங்கள். போன 38,000 திரும்ப வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அது இன்னும் யாராவது கணக்கில் முடங்கிக் கிடந்தால்தான் வாய்ப்பு.

ஆனையூர் அக்கா:
ஒரு வாரம் அந்த மனிதர் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குழுவிலிருந்து நீக்கப்பட்டதை அவமானம் என்று நினைத்திருப்பார். விதி இருக்கட்டும், ஆனால் நீக்கிய அதே நிமிடத்தில் அட்மின் சாதாரண போன் காலில் அவரையோ வீட்டாரையோ கூப்பிட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப் கால் அந்தத் திருடனுக்குத்தான் போகும். "பிறகு பேசுவோம்" என்று அறிவிப்பில் இருக்கிறதே, அந்தப் பிறகு எப்போது? குழுவிலும் "இவர் எண் வேறு ஆள் கையில் இருக்கிறது, இவர் மேல் தவறு இல்லை, இந்தக் கோப்பைத் தொட்டவர்கள் உடனே சொல்லுங்கள்" என்று ஒரு வரி போட வேண்டும்.

கூடல்நகர்க்காரன்:
அக்கா சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். நீக்க வேண்டும் என்பதும் இப்போது புரிகிறது. அட்மினிடம் பேசி அந்த வரியைச் சேர்க்கச் சொல்கிறேன். பெரியவரைத் திரும்ப எப்போது குழுவில் சேர்ப்பது என்றும் அட்மின் கேட்கிறார்.

புதூர் சர்வீஸ் கடை:
போட்டோ, தொடர்பு எண்களை எடுத்து வைத்துவிட்டு அந்த போனை ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகு. செயலியைத் தேடி நீக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சில செயலிகள் போனையே நிர்வகிக்கும் 'டிவைஸ் அட்மின்' அனுமதியைப் பிடித்துக்கொண்டு அழியாமல் நிற்கும், அதனால் நான் ரீசெட்தான் சொல்வேன்.

திருநகர் டீச்சர்:
எழுபது வயதுக்காரர் ரீசெட் செய்து நிரூபித்தால்தான் குழுவில் இடம் என்றால் அது ரொம்ப அதிகம். வீட்டில் யாராவது பார்த்துவிட்டோம் என்று சொன்னால் சேர்த்துக்கொள்ளட்டும்.

புதூர் சர்வீஸ் கடை:
டீச்சர், இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. அண்ணே, போனை எங்கள் கடைக்கு அனுப்பி வையுங்கள், காசு வேண்டாம். சிம் இல்லாமல், ஸ்விட்ச் ஆஃப் செய்து கொடுத்துவிடுங்கள்.

கூடல்நகர்க்காரன்:
1930ல் பேசியாகிவிட்டது. புகார் எண் வந்துவிட்டது. கார்டும் முடங்கியாயிற்று. போனோடு மத்தியானம் புதூர் வருகிறேன் தம்பி.